தொண்டருக்குப் பட்டம் எதற்கு என்போர்க்கு

நம் நாட்டுத் தமிழர் மேடைகளில் நெடுங்காலமாகக் கைதட்டல் பெற்றுவரும் கேள்வி ஒன்று உண்டு. "தொண்டு செய்யப் பட்டம் எதற்கு? நல்ல மனம் போதாதா?" என்பதே அது. சமூகப் பணியாளர்களுக்குக் கல்வித் தகுதி வரையறுக்கப்பட வேண்டும், அவர்தம் பெயர்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் எழுகின்றது. கேட்பவர் பெரும்பாலும் முப்பது நாற்பது ஆண்டுகள் தோட்டப்புறத்திலும் அடுக்குமாடிப் பகுதிகளிலும் உழைத்தவராக இருப்பார். அவருடைய நரைக்கு மரியாதை செய்வதாக எண்ணிக்கொண்டு அவையும் அடங்கிவிடுகின்றது. அந்த அடக்கம் தவறானது என்பது என் கருத்து. அதனால் தீங்குறுவோர் அவையில் இல்லாதவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள்.

முதலில் எதிர்த் தரப்பாருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். பட்டம் எள்ளளவும் உதவாத பணிகள் பல உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்துவிட்ட ஒருவருக்குக் காலந்தாழ்ந்த பதிவு செய்து கொடுக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பிறந்த தோட்டம் துண்டாடப்பட்டிருக்கும். மருத்துவமனைக் குறிப்பேடு எங்கே போயிற்று என்பது பழைய கிராணிக்குத்தான் தெரியும். மருத்துவச்சி காலமாகியிருப்பார், ஆனால் அவருக்கு உதவியாகச் சென்ற பெண்மணி இன்னும் பக்கத்து ஊரில் இருப்பார். தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி கிடைக்கும். இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு, பதிவிலாகாவின் முகப்பில் நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்ட பின்னும் ஐந்தாம் முறை போய் நிற்பவர் யார்? அனுபவமுள்ள தொண்டர்தான். இங்கே பல்கலைக்கழகச் சான்றிதழைக் கேட்பது மடமை. உணவுப் பொருள் வழங்குதல், முதியோரை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுதல், கைம்பெண்ணுக்குச் சமூகநல இலாகாவின் மனுத்தாளை நிரப்பிக் கொடுத்தல் ஆகியவையும் இவ்வகையினவே. இவற்றிலெல்லாம் உதவி பெறுபவர் தம் விருப்பத்தோடு வருகிறார். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். தொண்டர் தவறு செய்தாலும் மனு ஒருமுறை திரும்பி வரும், அவ்வளவே.

எனவே கோட்டைப் போடுவதற்கு ஆளின் வயதையோ அனுபவத்தையோ பார்த்துப் பயனில்லை. செய்யப்படும் செயலைப் பார்க்க வேண்டும். எந்தச் செயலில் ஒருவருடைய தீர்ப்பு, எழுந்து போக இயலாத இன்னொருவரைக் கட்டுப்படுத்துகின்றதோ, எந்தச் செயலில் நேர்ந்த பிழையைப் பின்னர் திருத்த முடியாதோ, அங்கே அனுபவம் மட்டும் போதாது. இக்கருத்தை வெறும் சொல்லாக விடாமல் ஒரு நிகழ்ச்சியில் வைத்துப் பார்ப்போம். இது எந்த ஊரின் கதையும் அன்று. பல ஊர்களில் நடக்கக்கூடியதை நான் ஒன்றாகக் கோத்தது.

ஆலயம் ஒன்றின் மண்டபத்தில் மாலை வேளையில் இலவசப் பிரத்தியேக வகுப்பு நடக்கின்றது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகத் தயங்கி நிற்கிறாள். கணக்குச் சொல்லித்தரும் தொண்டரான பெண்மணி காரணம் கேட்கிறார். "மாமா ராத்திரியிலே தொந்தரவு பண்றாரு" என்கிறாள் சிறுமி. ஆசிரியை பதறிப்போகிறார். "எந்த மாமா? உன்னைத் தொட்டாரா? இங்கே தொட்டாரா?" என்று அடுக்கிக் கேட்கிறார். சிறுமி தலையசைக்கிறாள். ஆசிரியை செயலாளரிடம் ஓடுகிறார். செயலாளர் சிறுமியை அழைத்து மறுபடியும் விசாரிக்கிறார். மறுநாள் மகளிர் பிரிவுத் தலைவியும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் கனிவோடுதான் கேட்கிறார்கள்.

மூன்றாம் நாள், தாயோடு வாழ்ந்துவரும் அந்த ஆடவரை ஆலயத்துக்கு வரவழைக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடும்பச் சச்சரவுகளைத் தீர்த்துவைத்தவர் என்று பெயர்பெற்ற தலைவர் நடுவில் அமர்கிறார். ஆடவர் அழுது, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறார். தாயும் அழுகிறாள். "போலீசுக்குப் போனால் பெண் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்கிறார் தலைவர். ஆயினும் அவருக்கும் மனம் ஒப்பவில்லை. சிறுமியைச் சிலநாள் ஒரு செயலவை உறுப்பினரின் வீட்டில் தங்கவைக்கச் சொல்கிறார். பத்து நாட்களுக்குப் பின் பள்ளித் தலைமையாசிரியருக்குச் செய்தி எட்டிப் புகார் செய்யப்படுகின்றது. அப்பொழுது சிறுமி வாய் திறக்க மறுக்கிறாள்.

இதில் கெட்டவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரே. மற்றவர் அனைவரும் நல்லவர்கள். அனுபவமும் உடையவர்கள். ஆயினும் நான்கு கேடுகள் நிகழ்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்றையாவது அவர்கள் கேடென்று அறிந்திருந்தார்கள் எனச் சொல்ல முடியாது.

முதற்கேடு கேள்விகளில் இருக்கின்றது. "தொட்டாரா?" என்று கேட்டவுடன் விடை கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. பெரியவர் எதிர்பார்ப்பதற்குத் தலையசைப்பது குழந்தையின் இயல்பு. அதே கேள்வியை மூவர் மூன்று விதமாகக் கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று எண்ணிக் குழந்தை விடையை மாற்றும். 2017-ஆம் ஆண்டின் சிறார்க்கெதிரான பாலியல் குற்றச் சட்டம், வேறு சான்று இல்லாதபோதும் குழந்தையின் சாட்சியத்தைக் கொண்டே குற்றவாளியெனத் தீர்ப்பளிக்க இடந்தருகின்றது. பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அதன் விளைவு என்ன? வழக்கு முழுவதும் அக்குழந்தையின் சொல்லிலே தொங்குகின்றது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் வேலை, அச்சொல்லை முதலில் யார் கேட்டார், எப்படிக் கேட்டார், எத்தனை முறை கேட்டார் என்று துருவுவதே. நம் மூவரும் அவருக்கு வேண்டியதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்னறிவிப்புக் கிடைத்தது. வீட்டில் அவரும் தாயும் பேசி ஒரு கதையை அமைத்துக்கொள்ள நாட்கள் கிடைத்தன. துணிகள் துவைக்கப்பட்டன. மருத்துவர் கண்டிருக்கக்கூடிய தடயங்கள் நாளொன்று கழிவதற்குள்ளேயே குறையத் தொடங்கும். மூன்று நாள் கழித்துப் பெரும்பாலும் எதுவும் எஞ்சாது. மூன்றாவது, புகார் செய்யாமல் இருந்தது. மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது எவர்க்கும் குற்றம். 5,000 வெள்ளி வரை தண்டம் உண்டு. "குடும்ப மானம்" என்பது அச்சட்டத்தில் விலக்காகச் சொல்லப்படவில்லை.

நான்காவது, சிறுமியை வேறு வீட்டில் தங்கவைத்தது. இதைத்தான் நம்மவர் பெருங்கருணை என்று கருதுவர். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் வேறுவிதமாகக் கருதுகின்றது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் 'பாதுகாவலர்' என்று அது பெயரிடும் சமூகநல அதிகாரிக்கும் காவல்துறை அதிகாரிக்குமே கொடுக்கின்றது. அவர்களும் எடுத்து வைத்துக்கொண்டே இருக்க முடியாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் குழந்தையைக் கொண்டுவர வேண்டும். அரசாங்க அதிகாரிக்கே ஒரு நாளுக்குள் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இருக்க, நம் தலைவர் பத்து நாள் வைத்திருந்தார். எவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க ஓர் இடமும் இல்லை. அச்செயலவை உறுப்பினரின் வீட்டில் இன்னொருவரால் அச்சிறுமிக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் யார் பொறுப்பு?

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "இந்த நான்கையும் ஒருநாள் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிடலாமே, அதற்குப் பட்டம் வேண்டுமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உண்மையில் வேண்டியதில்லை. குழந்தை சொன்ன சொற்களை அவள் சொன்னபடியே, "தொந்தரவு" என்றால் "தொந்தரவு" என்றே, நாளும் நேரமும் இட்டு எழுதி வை. "என்ன நடந்தது என்று சொல்லம்மா" என்பதற்கு மேல் எதுவும் கேட்காதே. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே. கொடுத்தால் அன்றிரவே அதை மீற வேண்டி வரும், அவள் மறுபடி ஒருவரையும் நம்பமாட்டாள். குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைக்காதே. 15999 என்ற எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ மாவட்டச் சமூகநல இலாகாவுக்கோ அன்றே சொல். இவ்வளவுதான். பிரத்தியேக வகுப்பு நடத்தும் ஒவ்வொரு தொண்டருக்கும் இதைக் கற்பிக்கலாம், கற்பிக்க வேண்டும். தொண்டரின் வேலை கண்டறிந்து உரியவரிடம் ஒப்படைப்பது. அதற்குமேல் ஓர் அடி வைத்தால் வேறு நிலம்.

அந்த வேறு நிலத்தில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாததனால்தான் நம்மவர் அதை எளிது என்று நினைக்கிறார்கள். சிறார் நீதிமன்றத்தில் நீதிபதியோடு இரண்டு ஆலோசகர்கள் அமர்கின்றனர். அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். குழந்தையைப் பெற்றோரிடமே திருப்பி அனுப்புவதா, உறவினர் போன்ற தகுந்த ஒருவரிடம் ஒப்படைப்பதா, காப்பகத்துக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைத்து மேற்பார்வை செய்வதா என்று முடிவு செய்யுமுன், பாதுகாவலர் எழுதிய அறிக்கையை அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். குடும்பப் பின்னணி, குழந்தையின் பொது நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு ஆகியவை அதில் அடங்கும் என்று சட்டமே சொல்கின்றது.

இந்த அறிக்கையை எழுதுபவர் என்ன செய்கிறார்? தாயோடு தனியே பேசுகிறார். அவள் அந்த ஆடவரை நம்புகிறாளா, மகளை நம்புகிறாளா என்று அறிய வேண்டும். இதுதான் முதன்மையான வினா. தாய் மகளை நம்பினால், ஆடவர் வெளியேற்றப்பட்டபின் சிறுமி தன் வீட்டிலேயே இருக்கலாம். நம்பாவிட்டால், வீடு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், சோறு எவ்வளவு நிறைய இருந்தாலும், அவ்வீடு பாதுகாப்பானது அன்று. வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்? அந்த ஆடவரே கட்டுகிறார் என்றால் தாயின் இன்றைய உறுதி மூன்று மாதம் தாங்குமா? வீட்டில் இளைய பிள்ளைகள் உளரா? பாட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், பாட்டி யாருடைய தாய்? இத்தனையையும் விசாரித்து, தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தாமே ஊகித்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். நீதிமன்றத்தில் அது வினவப்படும்போது எழுதியதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பின்னர் மாதக்கணக்கில் அக்குடும்பத்துக்குச் சென்று வர வேண்டும். நல்ல மனம் இதற்கு வேண்டும், ஐயமில்லை. ஆனால் நல்ல மனம் கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டாது. சொல்லப்போனால், இரக்கம் மிகுந்தவர்தாம் அவ்விரண்டையும் விரைவில் கலந்துவிடுகிறார்.

இதைப் புத்தகத்தால் மட்டும் கற்க முடியாது என்பார்கள். சமூகப் பணிக் கல்வியை அமைத்தவர்களும் அதை அறிவார்கள். அதனால்தான் களப்பயிற்சி இல்லாத சமூகப் பணிப் பட்டம் இல்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் 400 மணி நேரம் வீதம் இருமுறை களத்தில் பணியாற்ற வேண்டும். மணிக்கணக்கைக் கேட்டு நம் மூத்த தொண்டர் சிரிக்கலாம். அவர் ஓராண்டில் அதைக் கடந்திருப்பார். வேறுபாடு மணிக்கணக்கில் இல்லை. மாணவர் ஒவ்வொரு சந்திப்பையும் எழுதி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறார். "தாய் பொய் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய், அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்கிறார். மாணவர் விழிக்கிறார். மறுமுறை அவ்வாறு எழுதுவதில்லை. நம் தலைவரின் இருபத்தைந்து ஆண்டுகளில் அப்படி ஒருவர் அவரைக் கேட்டதுண்டா? கேட்பாரற்ற அனுபவம், ஒரே தவற்றை இருபத்தைந்து முறை செய்ததாகவும் இருக்கக்கூடும். அவர் தீர்த்துவைத்த குடும்பங்கள் திரும்பி வரவில்லை என்பதை அவர் வெற்றியாக எண்ணுகிறார். தீராததனால் வேறிடம் போனார்களா, வாயடைத்துப் போனார்களா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இனிப் பதிவைப் பற்றி. பட்டத்தைவிடப் பதிவே முக்கியம் என்பேன். பட்டம் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். பதிவிலிருந்து பெயரை நீக்க முடியும். அதன் பயன் முழுவதும் அந்த நீக்கத்தில்தான் இருக்கின்றது. குடும்பத்தின் மறைசெய்தியை வெளியிட்டவர், அறிக்கையில் பொய் எழுதியவர், உதவி நாடி வந்த பெண்ணிடம் முறைதவறி நடந்தவர் ஆகியோர் மீது, பாதிக்கப்பட்டவர் போய் முறையிட ஓர் இடம் இருக்கும். ஆலயத் தலைவர் மீது எங்கே முறையிடுவது? அடுத்த பொதுக்கூட்டத்திலா? முறையிட வேண்டிய பெண்ணுக்கு அங்கே வாக்குரிமைகூட இராது.

இவ்விடத்தில் நம் நாட்டின் வரலாற்றில் ஒரு விந்தையைக் காணலாம். சமூகநல இலாகா 1946-இல் அமைந்தது. சமூகப் பணியாளர் சங்கம் 1973-இல் தோன்றியது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975-இல் இக்கல்வி தொடங்கியது. உளவள ஆலோசகர்களுக்கென 1998-இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளாமல் அப்பெயரில் தொழில் செய்வது குற்றம். நம் சங்கங்கள் சில, இரண்டு நாள் முகாமுக்குப் பின் 'ஆலோசகர்' என்று அட்டை அடித்துக் கொடுப்பதை எண்ணினால் நெஞ்சம் திடுக்கிடுகின்றது. ஆனால் குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கும் பரிந்துரையை எழுதுபவருக்கு அத்தகைய சட்டம் உடன் வரவில்லை. சமூகப் பணியாளர் சட்டமொன்றுக்கு அமைச்சரவை 2010-இல் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது வரைவாகவும் அறிவிப்பாகவுமே கிடந்தது. ஒருவர் மனத்துயரைக் கேட்டு ஆறுதல் சொல்பவருக்குப் பதிவு; குடும்பத்தையே பிரிக்கச் சொல்பவருக்கு அது இல்லாதிருந்தது! சிறார் சட்டமும் பாதுகாவலரை அவருடைய பதவியைக் கொண்டுதான் வரையறுத்தது. சமூகப் பணியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே நம் ஆலயத் தலைவரை மட்டும் குறைகூறிவிட்டு அரசாங்கத்தைத் தப்பவிடுவது நீதியாகாது.

எதிர்ப்பாளரிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கின்றது. அவர்கள் அதைச் சரியாகச் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். பட்டமும் பதவியும் உடையவர் நம் மொழி அறியாதவராக இருந்தால் என்ன ஆகும்? அச்சிறுமி "மாமா" என்றாள். தமிழ் வீட்டில் தாயின் உடன்பிறந்தவரும் மாமா. பக்கத்து வீட்டுக்காரரும் மாமா. வேன் ஓட்டுபவரும் மாமா. தாயோடு வாழ்பவரையும் சில வீடுகளில் அப்படித்தான் அழைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே சொல்லில் மாற்றிச் சொல்லிவிட்டால், குற்றமற்ற தாய்மாமன் மீது ஐயம் விழலாம். "தொந்தரவு" என்ற சொல்லும் அப்படியே. நச்சரிப்பதும் அதுதான், குழந்தை வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் கொடுமையும் அதுதான். அதைக் கேட்டவுடன் எது என்று உணரும் செவி பிறப்பிலும் பழக்கத்திலும் வருவது. இந்த இடத்தில் அனுபவம் பட்டத்தைத் திருத்தும்.

ஆனால் இவ்வாதத்திலிருந்து அவர்கள் பெறும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. "ஆகவே எங்களிடமே விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். அதிலிருந்து நேரே பெறத்தக்க முடிவு வேறு. தமிழறிந்த, தகுதி பெற்ற பணியாளர் நமக்கு வேண்டும். அவர் வரும்வரை, தமிழறிந்த தொண்டர் தகுதி பெற்றவரின் அருகே இருக்க வேண்டும். சொல்லின் பொருளை விளக்கித் தருவது தொண்டரின் உரிமை. முடிவு அவருடையது அன்று.

இன்னொரு முறையீடும் நியாயமானதே. ஐம்பது வயதில், இடைநிலைப்பள்ளியோடு நின்றவரைப் போய்ப் பல்கலைக்கழகத்தில் சேரச் சொல்வதா? சிங்கப்பூரில் 2009-இல் சமூகப் பணியாளர் அங்கீகார முறை தொடங்கியபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். சமூகப் பணிக் கல்வி பெற்றவருக்கு ஒரு பிரிவு. அக்கல்வி இல்லாமல் அப்பணியைச் செய்துவருபவருக்கு வேறு பெயரில் இன்னொரு பிரிவு. சட்டக் கட்டாயமின்றி, தொழிற்சங்கம் போன்ற அமைப்பொன்றின் வழியே அது தொடங்கியது. ஆகவே அதன் கைக்குப் பெரும் வலுவில்லை என்பது ஒரு குறை. எனினும் இரு பிரிவினரையும் ஒரே பெயரால் அழைக்காமல், இருவரையும் மதித்தது அறிவுடைமை. மூத்தவர்களுக்கு இங்கும் அத்தகைய வாயில் இருக்கட்டும். அவர்கள் செய்தவற்றை எழுதிக் காட்டட்டும். மேற்பார்வையின்கீழ் ஓராண்டு பணிபுரியட்டும். அதற்கும் இணங்கமாட்டேன் என்பவரை மட்டும் நான் ஐயுறுகிறேன். அவர் காக்க விரும்புவது தொண்டையா, தம் நாற்காலியையா?

நம் சங்கங்களுக்கு இப்போதே செய்யக்கூடிய காரியம் உண்டு. எந்த மசோதாவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் இல்லம் நடத்தினால் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் இல்லத்தைப் பதிவு செய்கிறோம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுகிறோம். அவ்வில்லத்தில் எந்தப் பிள்ளையை விடுமுறைக்கு எவரோடு அனுப்புவது என்று முடிவு செய்பவர் யார், அவர் எங்கே என்ன கற்றார் என்பதையும் அருகில் எழுதி மாட்டட்டுமே. எழுத முடியாவிட்டால், தகுதி பெற்ற ஒருவரை மாதத்துக்கு இருமுறையேனும் வரவழைத்து, எடுத்த முடிவுகளை அவர் முன் வைக்கட்டும்.

அடுத்தது, கல்வி நிதி. ஆண்டுதோறும் நம் அறவாரியங்களும் கூட்டுறவுகளும் நன்கொடையாளர்களும் மாணவர்க்கு உதவி வழங்குகின்றனர். மருத்துவமும் சட்டமும் பொறியியலும் படிப்போர்க்கு மேடையில் பொன்னாடை கிடைக்கின்றது. பினாங்கிலோ சிந்தோக்கிலோ கோத்தா சமரஹானிலோ சமூகப் பணி படிக்க இடம் கிடைத்ததென்று ஒரு தமிழ்ப் பெண் வந்து நின்றால், "அதைப் படித்து என்ன செய்வாய்?" என்று நேர்முகக் குழுவில் கேட்கிறார்கள். கேட்பவர் யாரென்றால், "எங்கள் பிள்ளைகளின் வழக்கைத் தமிழ் தெரியாத அதிகாரி பார்க்கிறாரே" என்று போன மாதம் மேடையில் முழங்கியவர்தாம். வரும் ஆண்டின் உதவிநிதிப் பட்டியலில் அப்பாடத்துக்கு மூன்று இடம் ஒதுக்க வேண்டுமென்று தம் சங்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இந்நூலைப் படிப்போருள் எவரேனும் முன்வருவாராயின், அத்தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.